ரி, ப, ச: ஜாஸின் இரண்டு-ஐந்து-ஒன்றைக் காதால் பிடிப்பது

கீபோர்டு கற்றுக்கொள்பவர்கள் நாலு பேர் கூடி ஜாஸ் பற்றிப் பேச ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்தில் யாராவது "டூ-ஃபைவ்-ஒன்" என்று சொல்லிவிடுவார்கள். அது என்ன என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். சிலர் அதைத் தாளக் கணக்கு என்று நினைக்கிறார்கள். சிலருக்கு அது Dm7, G7, Cmaj7 என்கிற மூன்று குறிப்பிட்ட கார்ட்களின் பெயர். இன்னும் சிலர், எந்தப் பாட்டாக இருந்தாலும் கடைசியில் இந்த மூன்றையும் வாசித்தால் அது ஜாஸ் ஆகிவிடும் என்று நம்புகிறார்கள். கடைசி நினைப்புதான் அதிகம் கெடுக்கிறது. விரல் மூன்று வடிவங்களை மனப்பாடம் செய்துகொள்கிறது, காதோ எதையும் கற்றுக்கொள்வதில்லை.

இரண்டு-ஐந்து-ஒன்று என்பது மூன்று கார்ட்கள் ஒன்றுக்கொன்று கொண்டிருக்கும் உறவு. அந்த உறவு எங்கே கேட்கிறது என்று தெரிந்துவிட்டால், ஜாஸ்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வாசித்துவரும் பொதுச் சொத்தான பாடல்களில் அதை நாமே கண்டுபிடிக்கலாம். அந்தப் பாடல்களை ஸ்டாண்டர்டு என்பார்கள். நாம் அதிக நேரம் இருக்கப்போவது அவற்றில் ஒன்றோடுதான்: ஆட்டம் லீவ்ஸ்.

## எச்சமும் முற்றும்

"கடைக்குப் போய், பால் வாங்கிக்கொண்டு, வந்தேன்." இந்த வாக்கியத்தை "வாங்கிக்கொண்டு" என்கிற இடத்தில் நிறுத்திப் பாருங்கள். எதிரே இருப்பவர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தச் சொல் வினையெச்சம், ஒரு வினைமுற்றைக் கேட்டு நிற்கிறது. "வந்தேன்" என்றதும்தான் கேட்பவருக்கு மூச்சு விட முடிகிறது.

"கடைக்குப் போய்" என்பதும் எச்சம்தான். ஆனால் அங்கே அவ்வளவு அவசரம் இல்லை. கதை கிளம்பிவிட்டது என்று மட்டும் அது சொல்கிறது. இரண்டாவது எச்சத்தில் எதிர்பார்ப்பு இறுகுகிறது, முற்றில் அவிழ்கிறது.

இரண்டு-ஐந்து-ஒன்றும் இதே மூன்று நிலைகள்தான். இரண்டு கிளம்புகிறது, ஐந்து இறுக்குகிறது, ஒன்று அவிழ்க்கிறது. சொற்களில் இந்த வேலையை இலக்கணம் செய்கிறது. இசையில் எது செய்கிறது என்பதுதான் கேள்வி.

## எண்கள் எதைக் குறிக்கின்றன

ஏழு சுரங்களை ஒன்றிலிருந்து ஏழு வரை எண்ணினால் ச ஒன்று, ரி இரண்டு, ப ஐந்து. ஆக, இரண்டு-ஐந்து-ஒன்று என்றால் ரி-ப-ச. கீபோர்டில் C என்கிற வெள்ளைக் கட்டையை ச-வாக வைத்துக்கொண்டு வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்தால் மேற்கத்திய மேஜர் ஸ்கேல் கிடைக்கும். நம் காதுக்கு அது சங்கராபரணத்தின் சுரங்கள். சுரப் பெயர்களைக் கடன் வாங்குவது அடையாளத்துக்காக மட்டுமே. கர்நாடக ராகத்துக்குக் கமகமும் சஞ்சாரமும்தான் உயிர், அங்கே கார்ட் நகர்வு என்ற ஒன்று கிடையாது.

கார்ட் என்றால் ஒரே சமயத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டு. அதைக் கட்டுவது சுலபம். ஒரு சுரத்தில் தொடங்கி, ஒன்று விட்டு ஒன்றாக நான்கு சுரங்களை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ரி-யிலிருந்து தொடங்கினால் ரி, ம, த, ச. இது இரண்டாம் கார்ட். ப-விலிருந்து தொடங்கினால் ப, நி, ரி, ம. இது ஐந்தாம் கார்ட். ச-விலிருந்து தொடங்கினால் ச, க, ப, நி. இது ஒன்றாம் கார்ட்.

C கட்டை ச-வாக இருக்கும்போது இந்த மூன்றுக்கும் தாளில் Dm7, G7, Cmaj7 என்று எழுதுவார்கள். பாடகரின் குரலுக்கு ஏற்றபடி ச-வை B♭ கட்டைக்கு மாற்றினால் அதே மூன்று Cm7, F7, B♭maj7 ஆகிவிடும். பெயர் மாறினாலும் ரி-ப-ச என்கிற உறவு மாறுவதில்லை. சுருதிப் பெட்டியில் கட்டையை மாற்றினால் பாட்டு மாறாததைப் போல.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: எண்கள், கார்ட் எந்தச் சுரத்தின்மேல் நிற்கிறது என்பதைச் சொல்கின்றன. ஒன்று விட்டு ஒன்றாக நான்கு சுரம் எடுத்தால் கார்ட். ரி-யின்மேல் ஒன்று, ப-வின்மேல் ஒன்று, ச-வின்மேல் ஒன்று.

## கறுப்புக் கட்டை இல்லாத இரண்டு இடங்கள்

கீபோர்டைப் பாருங்கள். வெள்ளைக் கட்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு நடுவே ஒரு கறுப்புக் கட்டை இருக்கிறது. இரண்டே இரண்டு இடங்களில் மட்டும் இல்லை: க-வுக்கும் ம-வுக்கும் நடுவிலும், நி-க்கும் மேல் ச-வுக்கும் நடுவிலும். அங்கே சுரங்கள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. இரண்டு-ஐந்து-ஒன்றின் விசை முழுவதும் இந்த இரண்டு இடங்களில்தான் இருக்கிறது.

இதைக் காதால் கேட்க ஒரு சின்னப் பயிற்சி. இடது கையில் ஒரே விரலால் ரி, ப, ச என்று மெதுவாக வாசியுங்கள். வலது கையில் இரண்டே சுரங்கள். கீழே எழுதியிருப்பதில் நடுவில் இருப்பது இடது கை, கடைசியில் இருப்பவை வலது கை:

```
2 :  ரி   |  ம  ச
5 :  ப    |  ம  நி
1 :  ச    |  க  நி
```

வலது கையை மட்டும் கவனியுங்கள். முதல் நகர்வில் ம அப்படியே இருக்கிறது, ச மட்டும் பக்கத்துக் கட்டையான நி-க்கு இறங்குகிறது. இரண்டாவது நகர்வில் நி அசைவதில்லை, ம மட்டும் பக்கத்துக் கட்டையான க-வுக்கு இறங்குகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு விரல், ஒரே ஒரு கட்டை தூரம்.

கார்டை அதன் அடிச்சுரத்திலிருந்து ஸ்கேல்படி எண்ணினால், வலது கையில் இருப்பவை மூன்றாவது சுரமும் ஏழாவது சுரமும். இவற்றை வழிகாட்டிச் சுரங்கள் என்று சொல்லலாம். கார்ட் மேஜரா மைனரா, இறுக்கமா தளர்வா என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன. இரண்டாம் கார்டின் ஏழாவது சுரம் (ச) இறங்கி ஐந்தாம் கார்டின் மூன்றாவது (நி) ஆகிறது. ஐந்தாம் கார்டின் ஏழாவது சுரம் (ம) இறங்கி ஒன்றாம் கார்டின் மூன்றாவது (க) ஆகிறது. ஏழு இறங்கி மூன்றாவது. பிடித்துக்கொள்ள வேண்டியது இது ஒன்றுதான்.

நடு வரியில் வலது கைக்கு உள்ள ம-வையும் நி-யையும் மட்டும் சேர்த்து அழுத்திக் கொஞ்ச நேரம் பிடித்துப் பாருங்கள். ஒரு நிலையில்லாத, கூர்மையான ஒலி. ம-விலிருந்து நி வரை சரியாக ஆறு கட்டைகள், கறுப்பையும் சேர்த்து எண்ணினால். பன்னிரண்டு கட்டை கொண்ட ஸ்தாயியின் பாதி. இந்த இடைவெளிக்கு டிரைடோன் என்று பெயர். ம-வுக்குப் பக்கத்திலேயே க காத்திருக்கிறது, நி-க்குப் பக்கத்திலேயே ச காத்திருக்கிறது. இரண்டும் நழுவ இடம் இருப்பதால்தான் அங்கே நிற்க முடியவில்லை. "வாங்கிக்கொண்டு" என்பதில் நிற்க முடியாதது போல.

தேவாலயப் பாடல்களில் இந்த இடத்தில் நி வழக்கமாக ஏறி ச-வில் அமரும், கதவு முழுதாகச் சாத்தப்படும். ஜாஸில் நி ஏறாமல் தங்கிவிடுகிறது. ஒன்றாம் கார்டுக்குள் நி இருப்பதால்தான் அந்த முடிவு இறுக்கமாக இல்லாமல் கொஞ்சம் திறந்தே கேட்கிறது. ஜாஸ் என்றதும் பலருக்கு நினைவுக்கு வரும் அந்த மிருதுவான நிறம் இதுதான்.

கற்றுக்கொள்பவர்கள் வழக்கமாக இடறுவதும் இங்கேதான். மூன்று கார்ட்களையும் அடிச்சுரம் கீழே வரும்படி நான்கு விரலாலும் பிடித்து, கையை ரி-யிலிருந்து ப-வுக்கும் ப-விலிருந்து ச-வுக்கும் தூக்கித் தூக்கி வைக்கிறார்கள். சுரங்கள் எல்லாம் சரி. ஆனால் நான்கு சுரமும் ஒன்றாகத் தாவுவதால் அந்த ஒரு கட்டை நழுவல் கூட்டத்தில் தொலைந்துவிடுகிறது. நான் முதல் ஒரு வருடம் இப்படித்தான் வாசித்தேன். சரியாக வாசிக்கிறோமே, பதிவுகளில் கேட்பது போல ஏன் இல்லை என்று விளங்காமல் இருந்தது. வலது கையில் இரண்டு சுரங்களைக் குறைத்த அன்றுதான் கேட்டது. உங்கள் கை ஒவ்வொரு கார்டுக்கும் இடம்விட்டுத் தாவுகிறது என்றால் இதே தவறு நடக்கிறது என்று பொருள்.

மீண்டும் ஒருமுறை: இடது கையில் கீழே ஒலிக்கும் பேஸ் ரி-ப-ச என்று பெரிய அடி எடுத்து வைக்கிறது. உள்ளே இரண்டு சுரங்கள் மாறி மாறி ஒரு கட்டை இறங்குகின்றன. பேஸ் வழியைச் சொல்கிறது, உள்ளே இருப்பவை உணர்வைச் சொல்கின்றன.

## ஆட்டம் லீவ்ஸ்: மெட்டே இறங்கிக் காட்டுகிறது

ஹங்கேரியில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த ஜோசஃப் கோஸ்மா 1945-இல் அமைத்த இசை இது. ஜாக் பிரெவேர் அதற்குப் பிரெஞ்சு வரிகள் எழுதினார், பிறகு ஜானி மெர்சர் ஆங்கில வரிகள் எழுதினார். ஜாஸ்காரர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் முதல் எட்டு பாரிலேயே இருக்கிறது. பார் என்பது இங்கே நான்கு தட்டுகள் கொண்ட ஓர் அளவு.

வெள்ளைக் கட்டைகளில் வைத்துப் பார்க்க வசதியாக, C-யை ச-வாக வைத்து எழுதுகிறேன். ஒரு பாருக்கு ஒரு கார்ட்:

```
| Dm7   | G7 | Cmaj7 | Fmaj7 |
| Bm7b5 | E7 | Am    | Am    |
```

முதல் மூன்று பார், நாம் இப்போது வாசித்த அதே ரி-ப-ச. மெட்டு என்ன செய்கிறது? முதல் பாருக்கு முன்பே த, நி, ச என்று மூன்று படி ஏறி, முதல் பார் தொடங்கும்போது மேலே ம-வுக்குத் தாவி அங்கே நிற்கிறது. இந்த ம, இரண்டாம் கார்டின் மூன்றாவது சுரம். இரண்டாவது பார் தொடங்கும்போதும் அது இன்னும் நீண்டுகொண்டிருக்கிறது. பாடுபவர் எதையும் மாற்றவில்லை, ஆனால் அடியில் கார்ட் மாறிவிட்டதால் அதே ம இப்போது ஐந்தாம் கார்டின் ஏழாவது சுரம் ஆகிவிட்டது. நிம்மதியாக நின்ற சுரத்துக்கு அடியிலிருந்து தரை நகர்ந்துவிட்டது. பிறகு ப, த, நி என்று மறுபடி ஏறி, மூன்றாவது பாரில் க-வில் வந்து இறங்குகிறது.

ம நீள்கிறது, க-வில் இறங்குகிறது. நம் வலது கை செய்த அதே நகர்வு, இங்கே பாட்டின் மெட்டாகவே வெளியே வந்து நிற்கிறது.

அடுத்த ஏற்றம் ம, ப, த என்று போய் ஐந்தாவது பாரில் ரி-யில் நிற்கிறது. அதற்கடுத்தது க-வில் தொடங்கி ஏறி ஏழாவது பாரில் ச-வில் நிற்கிறது. நீண்டு நிற்கும் சுரங்களை மட்டும் வரிசையாகப் பாடிப் பாருங்கள்: ம, க, ரி, ச. ஒவ்வொரு முறையும் மூன்று படி ஏறித் தாவி, போன முறையைவிட ஒரு படி கீழே. நான்கு சுரமும் தத்தம் கார்டின் மூன்றாவது சுரம். எனக்குத் தெரிந்த பாடல்களில் கார்ட் நகர்வையும் மெட்டையும் இவ்வளவு வெளிப்படையாக ஒன்றாக்கிய இன்னொன்று இல்லை. ஆரம்பிப்பவர்களுக்கு இதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்வதும் அதனால்தான்.

ஐந்தாவது பாரிலிருந்து இன்னொரு இரண்டு-ஐந்து-ஒன்று வருகிறது, இந்த முறை மைனரில். இப்போது வீடு ச அல்ல, த. அங்கிருந்து எண்ணினால் நி இரண்டு, க ஐந்து, த ஒன்று. Bm7b5 என்பது நி-யிலிருந்து வெள்ளைக் கட்டைகளிலேயே ஒன்று விட்டு ஒன்றாக எடுத்தது: நி, ரி, ம, த. அதன் ஐந்தாவது சுரம் வழக்கத்தைவிட ஒரு கட்டை குறைந்திருப்பதைத்தான் b5 சொல்கிறது. E7-இல் மட்டும் ஒரு கறுப்புக் கட்டை வருகிறது, ப-வுக்கும் த-வுக்கும் நடுவில் இருப்பது. த அந்தக் கறுப்புக் கட்டைக்கு இறங்கி, Am வந்ததும் மீண்டும் த-வுக்கு ஏறுகிறது. அதே நேரம் ரி ச-வுக்கு இறங்குகிறது. அந்த இறக்கம் ஒரு கட்டை அல்ல, இரண்டு கட்டை. மைனர் முடிவில் கேட்கும் கனம் வேறு மாதிரி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக, எட்டு பாரில் இரண்டு வாக்கியங்கள். ஒன்று வெளிச்சமான முற்றில் முடிகிறது, அடுத்தது அதே நடையில் போய் இருண்ட முற்றில் முடிகிறது.

கேட்பதற்கு ஒரு பதிவு வேண்டுமென்றால், 1958 மார்ச்சில் கேனன்பால் ஆடர்லி ப்ளூ நோட் நிறுவனத்துக்காகப் பதிவு செய்த சம்திங் எல்ஸ் ஆல்பத்தில் இருப்பதைக் கேளுங்கள். நீண்ட முன்னிசைக்குப் பிறகு மைல்ஸ் டேவிஸ், ஒலியடைப்பான் பொருத்திய டிரம்பெட்டில் மெட்டைத் தொடங்குகிறார். அவர்கள் வாசிப்பது G மைனரில், அதனால் தாளில் Cm7, F7, B♭maj7 என்று இருக்கும். முதல் முறை டிரம்பெட்டோடு சேர்ந்து நீண்ட சுரங்களை மட்டும் முணுமுணுங்கள். இரண்டாவது முறை டிரம்பெட்டை விட்டுவிட்டு சாம் ஜோன்ஸின் பேஸை மட்டும் பிடியுங்கள்.

## இரண்டு-ஐந்து-ஒன்று போலக் கேட்பவை

அடிக்கடி குழப்புவது நான்கு-ஐந்து-ஒன்று, அதாவது ம-ப-ச. நம் சினிமாப் பாடல்களிலும் தேவாலயப் பாடல்களிலும் நிறைய வரும். குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. நான்காம் கார்டின் ம, த, ச மூன்றும் இரண்டாம் கார்டுக்குள்ளேயே இருக்கின்றன, அடியில் ரி மட்டும் கூடுதல். எனவே பேஸைக் கேளுங்கள். ம-விலிருந்து ப-வுக்குப் பக்கத்துப் படியாக ஏறினால் நான்கு-ஐந்து-ஒன்று. ரி-யிலிருந்து ப-வுக்குத் தாவினால் இரண்டு-ஐந்து-ஒன்று.

ஜாஸ் என்றாலே இது இருக்கும் என்பதும் சரியல்ல. மைல்ஸ் டேவிஸ் 1959-இல் பதிவு செய்த சோ வாட் பாடலில், ஒரு சுற்றான 32 பாரில் முதல் 16 பார் ஒரே சுரவரிசை, அடுத்த 8 பார் அதையே ஒரு கட்டை மேலே, கடைசி 8 பார் பழைய இடம். அங்கே எதுவும் இறுகி அவிழ்வதில்லை.

## முற்று எச்சமாக மாறினால்

"வந்தேன்" என்பதன் விகுதியை மாற்றி "வந்து" என்று சொன்னால் முடிந்த வாக்கியம் மறுபடி கிளம்பிவிடும். மார்கன் லூயிஸ் 1940-இல் இசையமைத்த ஹவ் ஹை த மூன் இந்த வேலையைச் செய்கிறது. பாட்டு Gmaj7-இல் இரண்டு பார் வீட்டில் இருக்கிறது. மூன்றாவது பாரில் அதே G மேஜர், G மைனர் ஆகிறது:

```
| Gmaj7 | Gmaj7 | Gm7 | C7  |
| Fmaj7 | Fmaj7 | Fm7 | Bb7 |
| Ebmaj7 ...
```

Gmaj7-இலிருந்து Gm7-க்குப் போகும்போது மாறுபவை மூன்றாவது சுரமும் ஏழாவது சுரமும் மட்டுமே. இரண்டும் ஒவ்வொரு கட்டை இறங்குகின்றன. மற்ற இரண்டும் அப்படியே. அந்த விகுதி மாற்றத்தோடு, ஒன்றாக இருந்த G இப்போது F என்கிற புது வீட்டுக்கு இரண்டாகிவிட்டது. Gm7, C7, Fmaj7. அங்கே போய்ச் சேர்ந்ததும் F-உம் மைனராகி E♭ வீட்டுக்குக் கிளம்புகிறது. பாட்டு ஊர் ஊராகப் போவது போலத் தோன்றினாலும், ஒவ்வொரு முறையும் நடப்பது இரண்டு விரல்களின் இறக்கம்தான்.

## எச்சங்களின் வரிசை: சாட்டின் டால்

தமிழில் "போய், பார்த்து, பேசி, வாங்கி..." என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். கேட்பவர் பொறுமையாகக் காத்திருப்பார். டியூக் எல்லிங்டனும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் 1953-இல் தந்த சாட்டின் டால் அப்படித் தொடங்குகிறது. ஒரு பாருக்குள் இரண்டு கார்ட்:

```
| Dm7 G7 | Dm7 G7 | Em7 A7 | Em7 A7 |
| Am7 D7 | Abm7 Db7 | Cmaj7 |
```

முதல் பாரில் இரண்டு-ஐந்து வந்துவிட்டது, ஆனால் ஒன்று வரவில்லை. அதே இரண்டு-ஐந்து மறுபடி வருகிறது. பிறகு ஒரு படி மேலே ஏறி இன்னொரு வீட்டின் இரண்டு-ஐந்து, அதுவும் முடியவில்லை. ஆறு பார் முழுக்க எச்சங்கள். ஏழாவது பாரில்தான் C வருகிறது. கேட்கும்போது அந்த ஏழாவது பாரில் உடம்பு தானாகத் தளர்வதைக் கவனியுங்கள்.

ஆனால் அதற்கு முந்தைய கார்ட் G7 அல்ல, Db7. ரி-க்கும் ச-வுக்கும் நடுவில் உள்ள கறுப்புக் கட்டைமேல் கட்டியது. சம்பந்தமில்லாத இடத்திலிருந்து எப்படி வீடு வந்து சேர்ந்தது? Db7-இன் நான்கு சுரங்களில் மூன்றாவதும் ஏழாவதும் எவை என்று பாருங்கள்: ம-வும் நி-யும். G7-இன் உள்ளே இருந்த அதே இரண்டு. இதற்கு டிரைடோன் மாற்று என்று பெயர்.

கீபோர்டில் செய்து பார்க்கலாம். வலது கையில் ம-வையும் நி-யையும் பிடித்துக்கொள்ளுங்கள். இடது கையில் ப-வை வாசியுங்கள், பிறகு வலது கையை அசைக்காமல் இடது கையை மட்டும் ச-வுக்கு மேலே உள்ள கறுப்புக் கட்டைக்கு மாற்றுங்கள். நிறம் இருண்டுவிடும், இறுக்கம் அப்படியே இருக்கும். இப்போது வலது கையின் ம-வை க-வுக்கு இறக்கி, இடது கையையும் ஒரு கட்டை இறக்கி ச-வில் வையுங்கள். நி மட்டும் இருந்த இடத்திலேயே ஒலித்துக்கொண்டிருக்கும்.